தண்ணீர் வராத குழாயில் சொன்ன கனவு

வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் பேச்சியம்மா கண்ட கல்யாணக் கனவுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று கம்பெனியின் அறிக்கையில் எழுதியிருக்கிறது. அது பொய். தொடக்கம், ஐந்தாம் நம்பர் லயத்தின் பின்சுவரில் விழுந்த விரிசல். ஆனால் விரிசலைப் பற்றி எழுதினால் எப்போது விழுந்தது, யார் வந்து பார்த்தார்கள், பார்த்தவர் என்ன செய்தார் என்றெல்லாம் கேள்வி வரும். கனவைப் பற்றி எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

அந்த லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், அறைக்கு ஒரு குடும்பம். பின்னால் செங்குத்தாக மலை. மழை பெய்தால் மலை நனையும், மலை நனைந்தால் சுவர் நனையும், சுவர் நனைந்தால் விரிசல் கொஞ்சம் வாயைத் திறக்கும். ஆறு வருடத்தில் ஆறு மனுக் கொடுத்தார்கள். ஆறாவது மனுவுக்குத்தான் பதில் வந்தது. "மேற்படி சுவர் பரிசோதிக்கப்பட்டது. விரிசல் எதுவும் காணப்படவில்லை." கீழே கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. பேச்சியம்மாவின் புருஷன் ஆண்டியப்பன் அந்தக் கடிதத்தை மடித்து விரிசலுக்குள்ளேயே செருகி வைத்தான். அவ்வளவு பெரிய கடிதம் சிரமமில்லாமல் உள்ளே போனது.

பேச்சியம்மாவுக்கு வயது நாற்பத்தி நான்கு. இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து பறிப்பவள். போன வருடம் வைகாசியில் ஒருநாள், கோழி கூவுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் கனவைக் கண்டாள். லயத்து வாசலில் பந்தல். மேளம் கொட்டுகிறார்கள். லயத்துச் சனம் முழுக்கச் சிவப்புச் சேலை கட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து, வரிசையாக உட்கார்ந்து இனிப்புத் தின்கிறது. எல்லார் முகத்திலும் சிரிப்பு.

வேர்த்து எழுந்தாள். கனவில் பிணத்தைக் கண்டால் பயமில்லை, வீட்டுக்கு நல்லது வரும். ஒருவர் செத்துப்போனதாகக் கண்டால் அவருக்கு ஆயுசு கெட்டி. பாம்பு கடித்தால் பிடித்த பீடை விட்டது. கல்யாணம்தான் ஆகாது. அதோடு சிவப்பும் எண்ணெயும் இனிப்பும் சேர்ந்து வந்தால் சாவு வீட்டுக்குத் தேதி குறித்த மாதிரி. நேரமும் மோசம். முதல் சாமக் கனவென்றால் பலிக்க ஒரு வருடம் ஆகும், இரண்டாம் சாமம் ஆறு மாதம், மூன்றாம் சாமம் மூன்று மாதம். விடியற்காலைக் கனவுக்குத் தவணை பத்து நாள்தான்.

கெட்ட கனவு கண்டால் திரும்பப் படுத்துத் தூங்கிவிட வேண்டும், அதன் மேல் வேறு கனவு வந்தால் பழையது கழியும். விடியும் நேரத்தில் கொழுந்துக்காரிக்கு ஏது தூக்கம்? அடுத்த வழி தண்ணீர். யாரிடமும் வாய் திறக்காமல், சோம்பல் முறிக்காமல், நேரே பீலிக்குப் போனாள். மலையிலிருந்து தகரத்தில் இறங்கி ஓடுகிற தண்ணீரிடம் குனிந்து கனவை முழுக்கச் சொன்னாள். ஓடுகிற தண்ணீர் கேட்டதை எடுத்துக்கொண்டு போய்விடும். மனுசரிடம் சொன்னால்தான் கனவுக்கு வேர் பிடிக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்றைக்குக் கொழுந்து மலைக்குப் போகவில்லை. அதுவும் வழக்கம்தான்.

தற்செயலோ என்னவோ, அதே காலையில் அதே லயத்தில் இன்னும் ஒன்பது பெண்கள் வேலைக்குப் போகவில்லை. வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் பேர் கூப்பிட்ட மேற்பார்வைக் கண்டாக்கு நிரஞ்சன், பத்துப் பேருக்குப் பதில் வராததைப் பார்த்து லயத்துக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு வாசலிலும் கேட்டார். எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்.

"கனவு சரியில்லீங்க ஐயா."

"என்ன கனவு?"

"அத சொல்லக்கூடாதுங்க."

தோட்டத்து மேனேஜர் துரை இதைச் சிரித்துத் தள்ளியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். துரை கொழும்புக்கு அறிவித்தார். கொழும்பிலிருந்து றோலண்ட் வந்தார்.

றோலண்ட் மனிதவளப் பகுதியின் பெரிய தலை. தன் தாத்தா திம்புள்ளயில் தேயிலைக் கவ்வாத்து வெட்டியவர் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவிடுவார். அதைச் சொன்ன பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அவர் எண்ணம். பெரட்டுக்களத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினார்.

"அம்மாமார்களே, கம்பெனி உங்கட நம்பிக்கைய மதிக்குது. நாங்க அத மூடநம்பிக்கைன்னு சொல்ல மாட்டோம். வெளிநாட்டுல நம்ம தேயில வாங்குறவங்க அப்படிச் சொன்னா கோவிச்சுக்குவாங்க. ஆனா நம்பிக்கைக்கும் ஒரு ஒழுங்கு வேணும். நீங்களா கனவு கண்டு, நீங்களா பலன் சொல்லி, நீங்களா லீவு எடுத்தா, அப்புறம் நிர்வாகம்னு நாங்க எதுக்கு? இனிமே கனவு காணுறது உங்க உரிமை. அது நல்லதா கெட்டதான்னு தீர்மானிக்கிறது எங்க பொறுப்பு."

கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள்.

இப்படித்தான் கனவு முகாமைத்துவத் திட்டம் வந்தது. நலன்புரி அலுவலர் யோகேஸ்வரன் அதற்குப் பொறுப்பு. கனவு கண்டவர் காலை ஆறு மணிக்குள் படிவம் நிரப்ப வேண்டும், மூன்று பிரதி. கனவு வந்த நேரம், பக்கத்தில் படுத்திருந்தவர் பெயர், இரவு என்ன சாப்பிட்டது, எத்தனை ரொட்டி. வயிறு நிறைந்து வந்த கனவுக்குப் பலன் கிடையாது என்பது லயத்துக்கே தெரிந்த விசயம். யோகேஸ்வரன் அதை விதியாக்கினார். பகலில் நினைத்துக் கவலைப்பட்டதே இரவில் கனவாக வந்தால் அதற்கும் பலனில்லை. அதுவும் விதி ஆனது. பகல் தூக்கத்துக் கனவு செல்லாது. அதற்கு விதி தேவைப்படவில்லை, தோட்டத்தில் பகலில் தூங்கியவர் எவருமில்லை, ஆபீசைத் தவிர.

இதுவரை பிழையில்லை. பலன் பட்டியலில்தான் கோளாறு. யோகேஸ்வரன் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒழுங்காகத்தான் எழுதி அனுப்பினார். கொழும்பில் றோலண்ட் படித்துவிட்டு, கிளார்க் தூக்கக் கலக்கத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவு செய்து திருத்திவிட்டார். கல்யாணம் நல்ல கனவுப் பக்கத்துக்கும் சாவு கெட்ட கனவுப் பக்கத்துக்கும் போயின. படித்த மனிதர், அவருக்கு அப்படித்தான் நியாயமாகப் பட்டது.

அதன்பின் நடந்ததைப் பேச்சியம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள், ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் காம்பராத் தெரேசா, புருஷன் மிலான் செத்துப்போனதாக ஒரு விடியற்காலை கனவு கண்டு, இனி அவனுக்கு நோய்நொடி இல்லை என்று சந்தோசமாகச் செபமாலை சொல்லிவிட்டு, கேட்கிறார்களே என்று படிவத்தில் எழுதினாள். பத்து மணிக்கு லயத்துக்கு மலர்வளையம் வந்தது. 'நிர்வாகத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று நாடா கட்டியிருந்தது. கதவைத் திறந்து வாங்கியவன் மிலான்தான். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டான்.

பாம்பு கடித்ததாகக் கனவு கண்டவளைத் தோட்டத்து மருந்தகத்தில் நாள் முழுக்கப் படுக்க வைத்து, கால் வீங்குகிறதா என்று பார்த்தார்கள். மலத்தை மிதித்ததாகக் கனவு கண்டவள், கையில் ஏதோ வரப்போகிறது என்று பூரித்திருந்தாள். சுகாதாரக் குழு வந்தது. லயத்துக்கு மலசலகூடம் ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவளையே விசாரித்துவிட்டுப் போனது. பேச்சியம்மா இரண்டாம் முறையும் கல்யாணக் கனவு கண்டு நடுங்கிக்கொண்டு நின்ற அன்று, யோகேஸ்வரன் எழுந்து கைகொடுத்து, "வாழ்த்துகள். நல்ல கனவு கண்டவங்களுக்கு உற்சாகம் ஜாஸ்தியா இருக்கும்" என்று சொல்லி, அவளைச் செங்குத்தான ஏழாம் நம்பர் மலைக்கு அனுப்பினார்.

பீலிக்குப் போய்வர நேரம் வீணாகிறது என்று ஆபீஸ் வாசலிலேயே ஒரு குழாய் நட்டார்கள். 'கனவு கரைக்கும் குழாய்' என்று பலகை வைத்து, துரை ரிப்பன் வெட்டித் திறந்தார். குழாயைத் திருகினால் காற்று வந்தது. மேலேயிருந்து தண்ணீர்க் குழாய் இழுக்க வேறு பகுதியின் அனுமதி வேண்டுமாம். "அதுவரைக்கும் சும்மா குழாய்கிட்ட சொல்லிட்டுப் போங்க. ஆளுக்கு ரெண்டு நிமிசம்" என்றார் கண்டாக்கு நிரஞ்சன்.

ஆபீசுக்குப் பக்கத்துச் சமதரையில் கனவு மண்டபமும் எழுந்தது. வழுவழுப்பான தரை, புதுத் தகரக் கூரை, ஒழுக்கு இல்லை. எட்டு மாதத்தில் கட்டி முடித்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு அலமாரி. அவ்வளவு பெரிய மண்டபத்தைப் பார்த்த ஆண்டியப்பன், "கனவு நல்லா காஞ்ச எடத்துல குடியிருக்குது. நாமதான் நனையுறோம்" என்றான்.

இந்த வருடம் வைகாசி மழை ஐந்து நாள் விடாமல் அடித்தது. விரிசலில் செருகியிருந்த கடிதம் ஒருநாள் காலையில் தானாகக் கீழே விழுந்து கிடந்தது. பேச்சியம்மா கையை நீட்டிப் பார்த்தாள். முழங்கை வரை உள்ளே போனது, விரலில் மலையின் ஈரமண் பட்டது. பன்னிரண்டு காம்பராவில் ஐம்பத்தி மூன்று உயிர். அந்த ஈரக் கையோடு ஆபீசுக்கு ஓடினாள்.

யோகேஸ்வரன் கனவுப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இது கனவில்லீங்க ஐயா. நெசம். கைய விட்டுப் பாத்தேன்."

அவர் படிவத்தைத் திரும்ப உள்ளே வைத்தார். "நெசமா? நெசத்துக்கு இங்க படிவம் இல்லையே. கட்டடம்னா அது வேற பகுதி. மதிப்பீடு போடணும், இஞ்சினியர் வரணும், அடுத்த வருசத்துத் திட்டத்துல சேக்கணும். கனவா இருந்தாப் பத்து நாள்ல தீர்த்துடலாம்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய சுற்றறிக்கையைக் காட்டினார். ஒன்பதாம் விதி: பத்துப் பேருக்கு மேல் ஒரே கெட்ட கனவை விடியற்காலையில் கண்டால், கனவில் கண்ட இடத்தில் பத்து நாளைக்கு யாரும் இருக்கக் கூடாது, நிர்வாகம் மாற்றிடம் தரும்.

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க பாக்கட்டும்னு றோலண்ட் சார் தாராளமா எழுதினது. பத்துப் பேருக்கு ஒரே கனவு எப்பிடி வரும்? வராதுங்கிற தைரியத்துலதான் எழுதினார்" என்றார் யோகேஸ்வரன். அவர் கெட்டவர் இல்லை. வாய் நின்றால்தான் அவருக்கு மூச்சு முட்டும்.

பேச்சியம்மா லயத்துக்கு வந்து பெண்களைக் கூட்டினாள். விதியைச் சொன்னாள். தெரேசாதான் முதலில் பயந்தாள்.

"காணாத கனவ கண்டேன்னு சொல்றது பாவம் அக்கா. நாமளே கூப்புட்ட மாதிரி ஆயிடும்."

"காணாதத சொல்ல வேணாம்" என்றாள் பேச்சியம்மா. இருபத்தைந்து வருடம் காத்த வழக்கத்தை அப்போது உடைத்தாள். "நான் ஒண்ணு சொல்றேன். இத்தன நாள் தண்ணிகிட்ட மட்டும் சொன்னது. அந்தச் செவுரு சாயுறதா நான் நாலு தடவ கண்டுட்டேன். எல்லாம் விடியற நேரம்."

தெரேசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் கண்டேன் அக்கா. மூணு தடவ." அடுத்தவள் இரண்டு என்றாள். அதற்கடுத்தவள் எண்ணவில்லை என்றாள். மூலைக் காம்பரா ஷாமிலா, கல்யாணமாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, அவளும் கண்டிருந்தாள். ஒரே பீலியில், ஒரே தண்ணீரிடம், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, அத்தனை பேரும் ஒரே கனவைச் சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தண்ணீரும் வருடக்கணக்காக அதை வாங்கிக்கொண்டு அக்கரப்பத்தனைப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

பேச்சியம்மாவுக்குக் கோபம் வந்தது. துரை மேல், றோலண்ட் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல்.

"நாளைக்கு யாரும் பீலிக்குப் போக வேணாம்" என்றாள். "கண்டதக் கரைக்காம அப்பிடியே கொண்டாங்க."

மறுநாள் காலை பெரட்டுக்கு இருபத்தி மூன்று பெண்கள் முகம் கழுவாமல் வந்தார்கள். அந்த மழையில் சுவரைத் தவிர வேறு கனவு வர வழியில்லை. ஷாமிலா மட்டும் தனியாக நின்றாள். "எனக்கு வேற வந்துச்சு. நல்லது. சொல்ல மாட்டேன்" என்றாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. இருபத்தி இரண்டு படிவம், மூன்று மூன்று பிரதி, மேசை மேல் ஏறியது. இரவு சாப்பாடு என்ற இடத்தில் எல்லாருமே ஒரு ரொட்டி என்று எழுதியிருந்தார்கள். வயிறு நிறைந்த கனவு என்று தள்ள முடியவில்லை.

விசயம் பெரிதென்று தெரிந்ததும் றோலண்ட் மத்தியானத்துக்குள் நுவரெலியாவிலிருந்து வந்து சேர்ந்தார். அங்கே ஒரு ஓட்டலில், தொழிலாளர் மனநிறைவு பற்றிய மாநாட்டில் இருந்தாராம். படிவங்களைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"இது செல்லாதே. பகல்ல நெனச்சுக் கவலப்பட்டது கனவா வந்தா பலன் கெடையாது. நீங்க அந்தச் செவுரப் பத்தி ஆறு வருசமா மனுக் குடுக்கிறீங்க. கவலையால வந்த கனவு இது."

விதி சரிதான். லயத்துக்கும் அது தெரியும். பெண்கள் பேச்சியம்மாவைப் பார்த்தார்கள். அவள் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். ஈரமும் மண்ணும் ஏறி, மடித்த இடத்தில் கிழிந்திருந்தது.

"வாசிச்சுச் சொல்லுங்க ஐயா."

யோகேஸ்வரன் வாசித்தார். "மேற்படி சுவர் பரிசோதிக்கப்பட்டது. விரிசல் எதுவும் காணப்படவில்லை."

"உங்க முத்திரைதானுங்க" என்றாள் பேச்சியம்மா. "வெரிசலே இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. நாங்களும் நம்பிட்டோம். இல்லாத வெரிசலப் பத்தி எங்களுக்கு என்னங்க கவல? கவல இல்லாம வந்த கனவுதான் இது. இல்ல, கவலையாலதான் வந்துச்சுன்னா, வெரிசல் இருக்குதுன்னு எழுதிக் குடுங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

றோலண்ட் தண்ணீர் குடித்தார். தேயிலைக்குத் தரச் சான்று கொடுக்கிற வெளிநாட்டுச் சான்றிதழ்க்காரர்கள் அடுத்த வாரம் வரப்போகிறார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரலை இனிப்பாக்கிக்கொண்டார்.

"சரி, கெட்ட கனவுன்னே வச்சுக்குவோம். அதுக்குத்தானே குழாய் நட்டிருக்கோம்? எல்லாரும் போய்ச் சொல்லிட்டு மலைக்குப் போங்க. கனவு கரைஞ்சிடும்."

"சொல்லிட்டுத்தாங்க வந்தோம். இருவத்தி ரெண்டு பேரும், ஆளுக்கு ரெண்டு நிமிசம்."

"அப்புறம் என்ன?"

"அதுல தண்ணி வரலீங்களே. ஓடுற தண்ணிகிட்ட சொன்னாத்தான் கரையும். உங்க கொழாய்ல சொன்னது அங்கேயே நிக்குது. பத்து நாளுங்க, ஐயா. ஆபீஸ் வாசல்லயே நிக்குது."

கண்டாக்கு நிரஞ்சன் தன்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். துரை தன் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். மாற்றிடத்துக்கு அனுமதி தலைமையகத்திலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்று றோலண்ட் முடித்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு யார் காத்திருப்பது? அன்று சாயங்காலம் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்ததும் ஐம்பத்தி மூன்று பேரும் பாயும் பானையும் கம்பளியுமாக இறங்கி வந்து கனவு மண்டபத்தில் ஏறினார்கள். ஆண்டியப்பன் மேசையைத் தூக்கி ஓரமாக வைத்தான். யோகேஸ்வரன் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பதறினார்.

"இங்க தங்கக் கூடாது. இது கனவு பதியுற எடம்."

"தூங்கினாத்தானே ஐயா கனவு வரும்" என்றாள் பேச்சியம்மா, பாயை விரித்துக்கொண்டே. "எங்களுக்கும் நடை மிச்சம். உங்களுக்கும் ஆறு மணிக்குள்ள படிவம் கெடைக்கும்."

ஒன்பதாம் நாள் பத்து மணிக்கு, எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சத்தம் கேட்டது. மலை வந்து ஏழு காம்பராவின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு முன்திண்ணை இஸ்தோப்பு வரை வந்து உட்கார்ந்துவிட்டது. பேச்சியம்மா தினமும் தலை வைத்துப் படுத்த இடத்தில் ஒரு மாட்டளவு கல் கிடந்தது. அவள் அதன் முன்னால் நின்று அழுதாள். தெரேசா அவளைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். செத்தது யாருமில்லை, ஒரு கோழியைத் தவிர.

கம்பெனி உடனே இயங்கியது. கனவு முகாமைத்துவத்தின் மகத்தான வெற்றி என்று அறிக்கை போனது. சான்றிதழ்க்காரர்களோடு றோலண்ட் வந்து, விழுந்த சுவரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு மண்டபத்துக்கு வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"கனவு பலிச்சிடுச்சு. அதனால கோப்ப மூடிட்டோம்" என்றார். "ஒன்பதாம் விதிப்படி பத்து நாள் முடிஞ்சுது. மிச்சம் அஞ்சு காம்பரா நல்லாத்தான் இருக்குது, பரிசோதிச்சாச்சு. இனி நீங்க இந்த மண்டபத்த விட்டுப் போகலாம்."

பேச்சியம்மா நகரவில்லை. பின்னால் ஐம்பத்தி இரண்டு பேரும் நகரவில்லை.

"போக முடியாதுங்க. இன்னைக்கு விடியக்காலம் எல்லாருக்கும் இன்னொரு கனவு வந்திருக்குது."

யோகேஸ்வரன் பழக்க தோசத்தில் படிவத்தை எடுத்துவிட்டார். "என்ன கனவு?"

"சொல்ல மாட்டோம்ங்க. நல்ல கனவு. நல்ல கனவ வெளியில சொன்னா பலிக்காது."

வெளிநாட்டுக்காரர்கள் பக்கத்திலேயே நின்றதால் றோலண்ட் சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தார். "சரி. சொல்லலன்னா வேணாம். இப்ப என்ன செய்யப் போறீங்க?"

பேச்சியம்மா பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தாள். ஷாமிலா அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள்.

"கெட்டது கண்டாத்தாங்க திரும்பப் படுக்கணும். நல்லது கண்டவங்க மறுபடி தூங்கக் கூடாது" என்றாள். "எந்திரிச்சிட்டோம்ங்க. இனித் தூங்குறதா இல்ல."